எட்டு ஐம்பத்தேழுக்கு முடிந்தது: ஒரு தீபாவளி நேரலை விற்பனையின் உரை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு ஒரு சந்து தள்ளியிருக்கும் துணிக்கடை அது. இங்கே பெயர் வேண்டாம். கடைக்காரரின் மருமகள் கேமராவின் முன் பேசுவார். அவருக்குப் பேச வேண்டிய உரையை எழுதித் தருவதும், நிகழ்ச்சி நடக்கும்போது பக்கத்தில் மடிக்கணினியுடன் உட்கார்ந்து கருத்துகளைக் கவனிப்பதும் என் வேலை. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. அதற்கு முன் ஃபேஸ்புக்கில் இரண்டு நேரலைகள் நடத்தினோம். அக்டோபர் 3 வெள்ளிக்கிழமை நடந்தது சொதப்பியது. 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்தது ஓரளவு சரியாக வந்தது. இரண்டுக்கும் பேசியவர் ஒருவரே, துணியும் பெரும்பாலும் அதே துணிதான். மாறியது உரை. அதிலும் முக்கியமாக, சலுகை முடியும் இடத்தில் என்ன சொல்வது என்ற ஒன்று.

ஃபேஸ்புக்கின் நேரலை விற்பனை வசதி 2022 அக்டோபர் 1ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. இப்போதும் நேரலை போகலாம். ஆனால் பொருளைத் திரையில் ஒட்டி, தொட்டால் வாங்கும்படி வைக்க முடியாது. ஆகவே கடைக்காரர்கள் பொருளுக்கு ஒரு குறியீடு சொல்கிறார்கள், பார்ப்பவர் அதைக் கருத்துப் பெட்டியில் தட்டுகிறார், பிறகு தனிச்செய்தியில் பணம், முகவரி பேசிக்கொள்கிறார்கள். கடிகாரம், இருப்புக் கணக்கு, வரிசை என்று மென்பொருள் பார்த்துக்கொள்ள வேண்டியதையெல்லாம் பேசுபவரின் வாயும் பக்கத்தில் இருப்பவரின் கண்ணும் பார்த்துக்கொள்கின்றன. உரையில் ஒரு வரி தவறினால் அதைத் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் கிடையாது.

முதல் நாள் நடந்தது

அன்று நான் எழுதிய உரை, இப்போது பார்த்தால், ஒரு வரவேற்புரை. துணியைப் பற்றிய வர்ணனை நிறைய, நேரத்தைப் பற்றிய பேச்சு குறைவு. முதல் சலுகை ஆண்களுக்கான குர்தா செட். கடை விலை 58 வெள்ளி, சலுகை விலை 45, பன்னிரண்டு செட். "இன்னும் ஐந்து நிமிடம்தான்" என்று அறிவித்தார். ஐந்து நிமிடம் முடிந்தபோது கருத்துகள் அப்போதுதான் வேகமெடுத்திருந்தன. கடைக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து இரண்டு விரலைக் காட்டினார். "சரி, உங்களுக்காக இன்னும் இரண்டு நிமிடம்" என்றார் மருமகள். பிறகு மறுபடியும் இரண்டு, அதன் பிறகும் இரண்டு. ஐந்து நிமிடச் சலுகை பதினொரு நிமிடம் ஓடியது.

பத்தொன்பது பேர் கேட்டிருந்தார்கள். இருந்தது பன்னிரண்டு. ஏழு பேருக்கு மறுநாள் மன்னிப்புச் செய்தி அனுப்பினேன். முதல் நிமிடத்திலேயே தட்டிய ஒருவருக்கு அவருடைய அளவு கிடைக்காமல், பத்தாவது நிமிடத்தில் தட்டியவருக்குக் கிடைத்திருந்தது, ஏனென்றால் நான் எழுதி வைத்த வரிசையே குழம்பிவிட்டது. எடுத்துவைத்த பன்னிரண்டில் ஐந்துக்குப் பணமே வரவில்லை.

இதையெல்லாம் விட மோசமானது அடுத்த இரண்டு சலுகைகளில் நடந்தது. இரண்டாவதில் பதினைந்து உருப்படிகளில் நான்கு போயின, மூன்றாவதில் ஒன்று. மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா கருத்தில் எழுதினார்: "அவசரமில்லை, நீட்டிப்பார்கள்." பக்கத்தில் சிரிக்கும் முகம் வேறு. அந்த ஒரு வரிக்குள் முழு நிகழ்ச்சியின் கணக்கும் இருந்தது. முதல் சலுகையை நீட்டியதால் இரண்டு மூன்று செட் கூடுதலாகக் கேட்டார்கள், உண்மைதான். அதற்கு விலையாக, அன்று இரவு அதன் பிறகு நாங்கள் சொன்ன எந்த நேரத்தையும் யாரும் நம்பவில்லை.

பதிவைப் போட்டுப் பார்த்தது

சனிக்கிழமை மதியம் கடையின் பின்னறையில் பதிவை ஓடவிட்டு, கையில் நிறுத்துகடிகாரத்துடன் உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிடத்தில் விலையை எத்தனை முறை சொன்னார் என்று எண்ணினேன். ஒரே முறை, முதல் நாற்பது நொடிக்குள். மீதி நேரத்தில் பதினான்கு பேருக்குப் பெயர் சொல்லி வணக்கம் வைத்திருந்தார். "வாருங்கள் அக்கா, ஈசூனிலிருந்தா? சாப்பிட்டாயிற்றா?" கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் நேரலை என்பது திண்ணை மாதிரி. ஒருவர் வருவார், இருவர் போவார். இரண்டாவது நிமிடத்தில் நுழைந்தவர் ஒரு குர்தாவைப் பார்த்தார், வணக்கங்களைக் கேட்டார், விலை தெரியாமலே வெளியேறினார்.

அடுத்தது தாமதம். பேசுவது நேயரின் கைப்பேசிக்குப் போய்ச்சேரச் சில நொடிகள் ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும், எத்தனை நொடி என்பதை அளந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. அளப்பது எளிது. நொடி காட்டும் கடிகாரத்தைக் கேமராவின் முன் பிடித்துக்கொண்டு, வேறொரு கைப்பேசியில் அதே நேரலையைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடையின் வைஃபையில் பார்த்தபோது 14 நொடி, என் கைப்பேசியின் தரவில் பார்த்தபோது 22. "ஐந்து, நான்கு, மூன்று" என்று அவர் எண்ணியது நேயர் காதில் விழும்போது இங்கே சலுகை முடிந்து இருபது நொடி ஆகியிருந்தது. அவர் காதில் விழுந்ததை நம்பித் தட்டியவரை நாங்கள் பிந்தியவர் என்று தள்ளியிருந்தோம்.

"இன்னும் ஐந்து நிமிடம்" என்ற சொற்றொடரே கோளாறு என்பது அங்கேதான் புரிந்தது. எப்போதிலிருந்து ஐந்து? அவர் சொன்னதிலிருந்தா, நான் கேட்டதிலிருந்தா, நடுவில் நுழைந்த கணத்திலிருந்தா? மறுநாள் பதிவைப் பார்த்தவர்கள்கூட "இன்னும் ஐந்து நிமிடம்" என்பதைக் கேட்டு 45 வெள்ளிக்குக் குறியீடு போட்டிருந்தார்கள். ஃபேஸ்புக் இப்போது நேரலைப் பதிவை 30 நாள் வைத்திருக்கிறது. அதாவது, காலாவதியான அந்த வாக்கியம் 30 நாள் அங்கே கூவிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது சங்கதி சிரிப்பை வரவழைத்தது. குறியீடுகளை `B4`, `P4`, `D4` என்று வைத்திருந்தேன். தமிழில் பேசும்போது முதல் இரண்டும் "பி நான்கு"தான். எழுதினாலும் ஒரே எழுத்து. மூன்று பேருக்கு வேறு வடிவம் போய்விட்டது. சரி, எழுத்தே வேண்டாம், இரண்டிலக்க எண் போதும் என்று முதலில் மாற்றினேன். குர்தா அளவுகள் 38, 40, 42, 44 என்று ஓடுகின்றன என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. "42" என்று ஒருவர் தட்டினால் அது பொருளா அளவா? விலையும் இரண்டிலக்கம். கடைசியில் மூன்றிலக்க எண்ணுக்கு வந்தேன். 101 என்றால் அந்தக் கடையில் வேறு எதுவுமாக இருக்க முடியாது.

திருத்திய உரை

12ஆம் தேதிக்கான உரையை நேரத்திலிருந்து தொடங்கி எழுதினேன். சலுகைக்கு ஏழு நிமிடம். ஐந்து போதாது என்பதைப் பதிவே காட்டியது: தாமதம் போக, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அளவு கேட்க, தட்ட, தட்டியது தவறாகிப் போய்த் திருத்த நேரம் வேண்டும். பத்து நிமிடம் என்றால் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றிவிடும். இதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. இந்தக் கடைக்கு, அளவு பார்த்து வாங்கும் துணிக்கு, ஏழு சரியாக இருந்தது.

முதல் சலுகைக்கான பகுதியை அப்படியே தருகிறேன். தாளில் எழுத்துத்தமிழில் இருக்கும், அவர் வாயில் வரும்போது பேச்சுத்தமிழாகிவிடும்.

8:48. "இப்போது மணி எட்டு நாற்பத்தெட்டு. எட்டு ஐம்பதுக்கு நூற்றொன்று வருகிறது, ஆண்களுக்கான குர்தா செட். வீட்டில் யாருக்கு என்ன அளவு என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்."

8:50. "மணி எட்டு ஐம்பது. நூற்றொன்று. நாற்பத்தைந்து வெள்ளி. எட்டு ஐம்பத்தேழு வரை. பன்னிரண்டு செட் இருக்கிறது, ஒவ்வோர் அளவிலும் மூன்று. நூற்றொன்று என்று போட்டு, பக்கத்தில் அளவைப் போடுங்கள்."

8:52. துணியைக் கேமராவுக்கு அருகே கொண்டுபோய்க் கழுத்துத் தையலையும் பக்கத் திறப்பையும் காட்டுதல். பேச்சு குறைவு. முடிவில் 8:50இன் வரி மறுபடியும், சொல் மாறாமல்.

8:54. மீதி எத்தனை என்று நான் சீட்டு நீட்டுவேன், அதை வாசித்துவிட்டு மறுபடியும் அதே வரி.

8:56. "மணி எட்டு ஐம்பத்தாறு. ஒரு நிமிடம் இருக்கிறது. தட்டிக்கொண்டிருப்பவர்கள் தட்டுங்கள், நான் பேசவில்லை."

8:57. "மணி எட்டு ஐம்பத்தேழு. முடிந்தது. நூற்றொன்று இனி ஐம்பத்தெட்டு வெள்ளி." விலை எழுதிய அட்டையைத் திருப்புதல்.

வணக்கம் வைப்பது இந்த ஏழு நிமிடத்துக்குள் கிடையாது. அது சலுகைகளுக்கு நடுவே, தாராளமாக. மருமகளுக்கு இது பிடிக்கவில்லை. "கூப்பிட்டவரைக் கண்டுகொள்ளாமல் இருப்பது மரியாதையா?" என்றார். 8:57க்குப் பிறகு பெயர்களை வாசிக்கும்படி நான் ஒரு பட்டியல் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டோம்.

"எட்டே முக்கால்" "ஒன்பதரை" என்பதையும் எடுத்துவிட்டேன். எனக்குப் பிடித்த சொற்கள்தான். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த இளையவர்கள் பலர் "முக்கால்" என்று கேட்டதும் ஒரு கணம் யோசிக்கிறார்கள். அந்த ஒரு கணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அட்டையிலும் தேதியோடு எழுதினோம்: 101, 45 வெள்ளி, 12 அக்டோபர், இரவு 8:57 வரை. பதிவைப் பிறகு பார்ப்பவருக்கு அந்த அட்டையே பதில்.

8:57க்கு அவர் "முடிந்தது" என்றதும் நான் ஒன்றும் செய்வதில்லை. 8:58 வரை காத்திருந்து, கடையின் கணக்கிலிருந்து ஒரு கருத்துப் போடுகிறேன்: "101 முடிந்தது." அதுதான் கோடு. அதற்கு முன்னால் வந்தவை உள்ளே, பின்னால் வந்தவை வெளியே. இருபத்திரண்டு நொடி தாமதத்தில் கேட்டவருக்கும் நியாயம் கிடைக்கிறது, யாராவது கேட்டால் விரலை வைத்துக் காட்டவும் முடிகிறது. இதில் ஒரு கண்ணி உண்டு. கருத்துகள் "முக்கியமானவை" என்ற வரிசையில் இருந்தால் கோடு எங்கோ போய்விடும். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே "புதியவை" என்று மாற்றிவைக்க வேண்டும்.

பணத்துக்கு இரண்டு வரி சேர்த்தேன். "இன்று இரவு பதினொரு மணிக்குள் பேநவ் செய்துவிடுங்கள். வராவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். பணம் அனுப்பும் முன் திரையில் கடையின் பெயர் வரும், வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள்." கடையின் படத்தைப் போட்டுக்கொண்டு கருத்துப் பெட்டியில் வேறு இணைப்பு அனுப்பும் ஆசாமிகள் பண்டிகைக் காலத்தில் வரத்தான் செய்கிறார்கள். வந்த பணத்தையும் வங்கிக் கணக்கில்தான் சரிபார்த்தோம். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக வைத்துக்கொள்ளவில்லை.

கடைக்காரருடன் மூன்று தகராறு

முதலாவது, அடித்துவிட்ட விலை. சீட்டில் 78ஐ அடித்து 58 என்றும், பிறகு அதை அடித்து 45 என்றும் போட விரும்பினார். "78க்கு யாராவது கடைசியாக எப்போது வாங்கினார்கள், அண்ணா?" என்று கேட்டேன். சிரித்தார். யாரும் வாங்கியதில்லை. 78 போயிற்று.

இரண்டாவது, "இலவசம்". 9:10க்குப் புடவைகள். ஃபால்ஸ் வைத்து, ஓரம் அடித்து இலவசமாகத் தருகிறோம் என்பது அவருடைய திட்டம். அந்த வாரம்தான் புடவையின் விலையை 80இலிருந்து 88 ஆக்கியிருந்தார். எட்டு வெள்ளி தையற்காரருக்கு. அப்படியானால் அது இலவசமில்லை. உரையில் "ஃபால்ஸ் வைத்து, ஓரம் அடித்து, 88 வெள்ளி" என்று நேராக எழுதினேன். பொருள் சேவை வரியும் அதற்குள் அடக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வைத்தேன். கடை வரிக்குப் பதிவு செய்துகொண்ட ஒன்று. தனிச்செய்தியில் போய் 9 விழுக்காடு கூட்டினால், வந்த வாடிக்கையாளர் அப்படியே திரும்பிவிடுவார்.

மூன்றாவது தகராறுதான் பெரிது: நீட்டிப்பு. வாங்க ஆள் இருக்கும்போது கதவை மூடுவானா ஒருவன் என்பது அவர் கேள்வி. வியாபாரியின் கேள்வி, தப்பில்லை. நான் சட்டத்தையும் எடுத்து வைத்தேன். சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டம், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தள்ளுபடி என்று சொல்லிவிட்டு, அது அதைவிடக் கணிசமான காலம் நீடிக்கும் என்று தெரிந்தே வைத்திருப்பதை நியாயமற்ற செயல்களில் ஒன்றாகச் சொல்கிறது. தள்ளுபடிக்கு உண்மையல்லாத காரணம் சொல்வதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விலை வெளிப்படைத்தன்மை பற்றிய வழிகாட்டிக் குறிப்புகள் 2020 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. பொய்த் தள்ளுபடியையும் "இலவசம்" என்ற சொல்லையும் அவை தனியாக எடுத்துப் பேசுகின்றன. ஆறு நிமிடம் நீட்டியதற்காக யாரும் கடைக்கு வந்து நிற்கப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். அவரை அசைத்தது சட்டமும் அல்ல. "அவசரமில்லை, நீட்டிப்பார்கள்" என்ற அந்த அம்மாவின் வரியை என் கைப்பேசியில் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

உண்மையான காரணம் தேடியதில் ஒரு நன்மையும் கிடைத்தது. புடவைக்கு ஏன் அன்று இரவு பத்து மணி வரை மட்டும்? தையற்காரர் தீபாவளிக்கான கடைசிக் கட்டை திங்கள் காலை எடுத்துக்கொள்கிறார், அதற்குப் பிறகு தருவதைப் பண்டிகைக்கு முன் முடிக்க மாட்டார். அதையே சொல்ல வைத்தோம்: "நாளைக் காலை தையற்காரர் கட்டை எடுத்துப் போய்விடுவார். அதற்குப் பிறகு கேட்டால் புடவை உண்டு, ஃபால்ஸ் தீபாவளிக்குள் வராது." இந்த வரிக்கு எண்ணிக்கை தேவைப்படவில்லை, குரலை உயர்த்தவும் தேவைப்படவில்லை. தையற்காரர் கைவிரிப்பது என்னவென்று கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாருக்கும் தெரியும்.

12ஆம் தேதி இரவு

குர்தாவுக்குக் கோட்டுக்கு முன்னால் பதினான்கு பேர். பன்னிரண்டு பேருக்கு உறுதி, இரண்டு பேர் வரிசையில். பதினொரு மணிக்குள் பத்துப் பேர் பணம் அனுப்பினார்கள். வராத இரண்டும் வரிசையில் இருந்தவர்களுக்குப் போயின. கோட்டுக்குப் பின்னால் தட்டிய நான்கு பேரில் ஒருவர் மட்டும் கோபப்பட்டார். கோட்டைக் காட்டினேன், அடங்கினார்.

உரைக்குச் சோதனை வந்தது 9:25க்கு. வேட்டி சட்டை செட், பத்து உருப்படி, 9:32 வரை. 9:30 ஆகியும் மூன்றுதான் போயிருந்தது. கேமராவுக்குப் பின்னால் கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. இரண்டு விரல். மருமகள் அவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். இந்த இடத்துக்கென்றே ஒரு வரி எழுதி, பேனாவால் கட்டம் போட்டு வைத்திருந்தேன், ஏனென்றால் சரக்கு மீதியிருக்கும்போதுதான் வாய் தடுமாறும், அந்த நேரத்தில் சொந்தமாகச் சொல் தேடவிட்டால் "உங்களுக்காக" என்றுதான் வரும். அவர் கட்டத்துக்குள் இருந்ததை வாசித்தார்: "மணி ஒன்பது முப்பத்திரண்டு. முடிந்தது. ஏழு செட் மீதி இருக்கிறது, கடையில் கடை விலைக்குக் கிடைக்கும்." அட்டையைத் திருப்பினார். இரண்டு விரலும் மெதுவாக மடங்கின.

முதல் வெள்ளிக்கிழமையைவிட அந்த ஞாயிறு நன்றாகப் போனதற்கு உரை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தீபாவளி ஒன்பது நாள் நெருங்கியிருந்தது. மறுநாள் வேலைநாள் என்றாலும் ஞாயிறு இரவு வீட்டில் இருப்பவர்கள் அதிகம். வேட்டியின் விஷயத்தில் உரையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விலையும் நேரமும் தெளிவாகக் கேட்டவர்கள், வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுத்துவிட்டார்கள். சட்டையின் பச்சை நிறம் கொஞ்சம் பளபளப்பு அதிகம் என்பது என் சொந்த அபிப்பிராயம். பதிவைப் பார்த்துவிட்டுக் குறியீடு போட்டவர்கள் மட்டும் இந்த முறை வேறு மாதிரி எழுதினார்கள். பொங்கோலிலிருந்து ஒருவர் திங்கள் காலை கேட்டார்: "நூற்றொன்று நேற்று 8:57க்கு முடிந்ததா? அதே மாதிரி வேறு இருந்தால் 58க்கு எடுத்துவையுங்கள்."

அந்த ஏழு வேட்டி செட்டில் நான்கு, 18ஆம் தேதி சனிக்கிழமைக் கூட்டத்தில் கடை விலைக்கே போய்விட்டன. மூன்றைக் கடைக்காரர் பெட்டியில் போட்டு, மேலே பொங்கல் என்று எழுதி வைத்திருக்கிறார்.